முக மாற்று மாடலில் பார்வையும் பல்லும் தெளிவாக வர: லாஸில் கண்ணுக்கும் வாய்க்கும் எவ்வளவு வெயிட்?

முக மாற்று மாடலை ட்ரெய்ன் செய்தவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். தோல் நிறம் சரியாக வந்துவிட்டது, தாடை பொருந்திவிட்டது, லாஸ் கோடு தரையைத் தொட்டுவிட்டது. ஆனால் கண் எங்கேயோ பார்க்கிறது. பல் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெள்ளைப் பட்டையாக நிற்கிறது. மேலும் இரண்டு நாள் ஓட விட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. காரணம் லாஸ் கணக்கிடப்படும் விதத்திலேயே இருக்கிறது, அதைத் திருத்தும் வழியும் அங்கேதான் இருக்கிறது.

கட்டுரை முழுவதும் ஒரே ஷாட்டை எடுத்துக்கொள்வோம். சண்டைக் காட்சியில் டூப் கலைஞர் நடித்திருக்கிறார், அவர் முகத்தின் மேல் நடிகரின் முகம் வர வேண்டும். இருவரும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறார்கள். சம்மதம் இல்லாத முகத்தை வைத்து இந்த வேலையைத் தொடவே கூடாது. கீழே சொல்லப்போகும் கண் பதிவை எடுக்க அந்த நடிகரே கேமரா முன் உட்கார வேண்டும் என்பதால், தொழில் ரீதியாகவும் சம்மதம் இல்லாமல் நல்ல முடிவு கிடைக்காது. மாடல் பழைய அமைப்புதான்: இருவருக்கும் பொதுவான ஒரு என்கோடர், ஆளுக்கொரு டிகோடர். முகப் படம் 256 × 256.

## முதலில் கணக்கு: கண்ணை மாடல் ஏன் கண்டுகொள்வதில்லை

256 பிக்சல் அகலத்தில் முழு முகமும் நெற்றியோடு அடங்கினால், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1.3 பிக்சல் கிடைக்கும். மனிதக் கருவிழியின் விட்டம் ஏறக்குறைய 12 மி.மீ., அதாவது 15 பிக்சல். முகத்தின் மாஸ்க் பரப்பு 30,000 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், இமையோரத்தையும் சேர்த்து இரண்டு கண்களும் பிடிப்பது 1,400 பிக்சல்தான். நூற்றுக்கு ஐந்து கூட இல்லை.

இப்போது பார்வை 10 டிகிரி தவறிவிட்டது என்று வைப்போம். எதிரே இருப்பவரைப் பார்க்காமல் அவர் காதைப் பார்ப்பது போன்ற தவறு இது, திரையில் யாருக்கும் உடனே உறுத்தும். கருவிழி நகர்ந்தது சுமார் 2 மி.மீ., படத்தில் இரண்டரை பிக்சல். அதன் ஒரு பக்கம் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பும், மறுபக்கம் கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும் வந்திருக்கும். கருவிழியின் வெளியே தெரியும் உயரம் 12 பிக்சல் என்றால், தவறான பிக்சல்கள் கண்ணுக்கு 60, இரண்டுக்கும் 120. அவற்றில் பிழை 0.5 என்று தாராளமாகவே வைத்தாலும், L1 லாஸில் இதன் பங்கு 0.5 × 120 ÷ 30,000 = 0.002.

தோல் முழுவதும் கண்ணுக்கே புலப்படாத 0.02 அளவு நிற வித்தியாசம் இருந்தால் அதன் பங்கு 0.02. பத்து மடங்கு அதிகம். ஆகவே மாடல் முதலில் கன்னத்தின் நிறத்தைத்தான் திருத்தப் போகிறது. அதன் பார்வையில் அது நியாயமும்கூட. முக்கியம் எது என்று நாம் சொல்லாதவரை, பரப்பு பெரியதே அதற்கு முக்கியம்.

கண் பகுதிக்கு 3 மடங்கு வெயிட் கொடுத்தால் அந்தப் பார்வைத் தவறின் பங்கு ஏறத்தாழ 0.0055 ஆகிறது. 10 மடங்கு கொடுத்தால் 0.014. அதே நேரத்தில் தோலின் பங்கு 0.013 ஆகக் குறைந்து, இரண்டும் சமமாக நிற்கின்றன. 10-க்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். 30 மடங்கில் மொத்த வெயிட்டில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் கண்ணுடையதாகிவிடும், முகத்தின் மீதி கவனிப்பாரற்றுப் போகும்.

## படி 1: லேண்ட்மார்க்கைக் கண்ணால் பார்த்துச் சரி செய்யுங்கள்

வெயிட் எங்கே விழ வேண்டும் என்பதை லேண்ட்மார்க் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. வழக்கமான 68 புள்ளி முறையில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 36 முதல் 41 வரை ஒரு கண், 42 முதல் 47 வரை மற்றொரு கண். 48 முதல் 59 வரை உதட்டின் வெளிக்கோடு, 60 முதல் 67 வரை உள்கோடு.

புள்ளிகள் தவறான இடத்தில் இருந்தால், வெயிட் கொடுப்பதால் அந்தத் தவறும் பெருகும். வெயிட் 1 ஆக இருந்தபோது பெரிதாகப் பாதிக்காத ஒரு மோசமான ஃப்ரேம், வெயிட் 5-ல் கன்ன எலும்பை உன்னிப்பாக வரையச் சொல்லி மாடலை இழுக்கும். மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, பக்கவாட்டு முகங்கள். மறைந்த பக்கத்துக் கண்ணின் புள்ளிகள் மூக்கின் மேலோ முகத்துக்கு வெளியிலோ கிடக்கும். இரண்டு, கண் மூடிய ஃப்ரேம்கள். மூடிய கண்ணுக்கும் அரைக்கண் திறந்தது போலப் புள்ளி வைக்கும் பழக்கம் பல டிடெக்டர்களுக்கு உண்டு. மூன்று, வாயை அகலத் திறந்து கத்தும் ஃப்ரேம்கள். கீழ் உதட்டின் உள்கோடு கீழ்ப் பல்வரிசையிலேயே நின்றுவிடும்.

எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இருக்காது. கண்ணின் உயரத்தை அகலத்தால் வகுத்து, அந்த எண்ணின்படி படங்களை வரிசைப்படுத்துங்கள். வாய்க்கும் அப்படியே. இரண்டு ஓரங்களில் இருக்கும் படங்களைப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததை நீக்குங்கள், அல்லது அந்தப் படத்துக்கு மட்டும் வெயிட்டை 1 ஆகவே விடுங்கள்.

## படி 2: வெயிட் மேப் செய்தல்

```python
def weight_map(lm, size, we, wm):
    w = np.ones((size, size), np.float32)
    parts = ((slice(36, 42), we), (slice(42, 48), we),
             (slice(60, 68), wm))
    for idx, k in parts:
        m = np.zeros((size, size), np.float32)
        hull = cv2.convexHull(lm[idx].astype(np.int32))
        cv2.fillConvexPoly(m, hull, 1.0)
        m = cv2.dilate(m, np.ones((7, 7), np.uint8))
        m = cv2.GaussianBlur(m, (9, 9), 0)
        w = np.maximum(w, 1 + (k - 1) * m)
    return w
```

`lm` என்பது வெட்டி எடுத்த முகப் படத்தின் அளவிலான புள்ளிகள். முகங்களை 512-ல் வெட்டி மாடலை 256-ல் ஓட்டினால் புள்ளிகளையும் பாதியாக்க மறந்துவிடாதீர்கள்.

வாய்க்கு வெளிக்கோட்டை எடுக்காமல் உள்கோட்டை எடுத்திருப்பதைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது பல். வெளிக்கோட்டை எடுத்தால் பரப்பில் பெரும்பகுதி உதடாகிவிடும். உதடு தானாகவே நன்றாகக் கற்கக்கூடிய மென்மையான பகுதி, அதற்குச் செலவழிக்கும் வெயிட்டால் பல்லுக்கு ஒரு லாபமும் இல்லை. உதட்டு அசைவே வசனத்தோடு பொருந்தாத ஷாட் என்றால் மட்டும் வெளிக்கோட்டை எடுங்கள்.

7 × 7 விரிப்பு ஏன் என்றால், கண் மூடியபோதும் வாய் மூடியபோதும் அந்தப் பலகோணம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். விரிப்பு இருந்தால் மூடிய இமையோரத்துக்கும் வெயிட் கிடைக்கும், இமை கொட்டுவதை மாடல் ஒழுங்காகக் கற்கும். பின்னால் வரும் மங்கலாக்கல் ஓரத்துக்காக. அது இல்லாமல் வெயிட் 1-லிருந்து 5-க்கு ஒரே பிக்சலில் தாவினால், கண்ணைச் சுற்றி மெல்லிய வளையம் போல நிற வேறுபாடு தோன்றலாம்.

கடைசியாக, மறைப்புகள். கண்ணின் மேல் விழுந்த முடி, வாயை மறைக்கும் மைக், கண்ணாடியில் மின்னும் விளக்கு ஆகியவை வெயிட் பெறக் கூடாது. முகத்தின் மறைப்பு மாஸ்க் இருந்தால் மேப்பை அதனோடு பெருக்குங்கள். கீழே வரும் குறியீட்டில் `face` என்றிருப்பது அந்த மாஸ்க்தான்.

## படி 3: லாஸில் சேர்த்தல்

```python
m = w * face
l1 = (pred - target).abs().mean(1, keepdim=True)
loss_l1 = (m * l1).sum() / m.sum()

s = ssim_map(pred, target)      # B,1,H,W
loss_s = (m * (1 - s) / 2).sum() / m.sum()
```

`m.sum()` ஆல் வகுப்பது முக்கியம். வெறுமனே சராசரி எடுத்தால், வெயிட்டை ஏற்றும்போது மொத்த லாஸும் ஏறும். ஆடம் வகை ஆப்டிமைசர்கள் லாஸை ஒரே எண்ணால் பெருக்குவதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் கிரேடியன்ட் கிளிப்பிங் வைத்திருந்தால் அது பொருட்படுத்தும், அரைத் துல்லியத்தில் ஓடும்போது எண்கள் வழிந்து NaN வரவும் இடமிருக்கிறது. வகுத்துவிட்டால் மாறுவது பகுதிகளுக்கு இடையிலான விகிதம் மட்டும்தான்.

SSIM-ல் இன்னொரு நுணுக்கம். சிலர் படத்தையே கண் மாஸ்க்கால் பெருக்கி, கிடைத்த துண்டுக்கு SSIM கணக்கிடுவார்கள். அப்போது மாஸ்க்கின் வெட்டு விளிம்பு இரண்டு படங்களிலும் ஒரே மாதிரி இருப்பதால், ஓரத்தில் ஒற்றுமை செயற்கையாக உயர்ந்து உண்மையான பிழையை மறைக்கிறது. முழுப் படத்துக்கும் SSIM மேப்பை எடுத்து, பிறகு வெயிட்டால் பெருக்குவதே சரி.

அடுத்தது, தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமான ஒரு பிழை. இந்த மாடல்களில் உள்ளீட்டுப் படத்தை வேண்டுமென்றே நெளித்துக் கொடுத்து, நெளியாத படத்தை இலக்காக வைப்பது வழக்கம். வெயிட் மேப் இலக்கோடுதான் போக வேண்டும். இலக்குக்குச் செய்யும் சுழற்சி, இடம்பெயர்ப்பு, இடவலத் திருப்பு எல்லாம் மேப்புக்கும் அப்படியே நடக்க வேண்டும், உள்ளீட்டுக்கு மட்டும் செய்யும் நெளிப்பு கூடாது. தவறாகப் போனால் எந்த எரரும் வராது. இமையும் புருவமும் கூர்மையாகவும் கருவிழி மட்டும் மங்கலாகவும் வரும், அவ்வளவுதான். ட்ரெய்னிங்கைத் தொடங்குமுன் ஒரு பேட்ச்சின் இலக்குப் படங்கள் மேல் `w`-ஐச் சிவப்பாகப் போட்டுச் சேமித்துப் பாருங்கள்.

வெயிட்டை நடிகர், டூப் இருவர் பக்கமும் போடுங்கள். டூப்பின் மறுஆக்கம் கடைசியில் திரைக்கு வரப்போவதில்லை என்று அந்தப் பக்கத்தை விட்டுவிடத் தோன்றும். ஆனால் திரைக்கு வரும் பார்வையை என்கோடர் படிப்பது டூப்பின் முகத்திலிருந்துதான். அவர் கண்ணைத் துல்லியமாகப் படிக்க என்கோடருக்கு அழுத்தம் இல்லையென்றால், நடிகரின் டிகோடர் எவ்வளவு கூர்மையாக வரைந்தாலும் பார்வை தவறிய கண்ணைத்தான் கூர்மையாக வரையும்.

## சொந்தக் குறியீடு எழுதாதவர்களுக்கு

ஃபேஸ்ஸ்வாப் மென்பொருளில் இது அமைப்பாகவே இருக்கிறது. ட்ரெய்னிங் கான்ஃபிக்கில் லாஸ் பகுதியில் இவற்றைப் பாருங்கள்:

```
penalized_mask_loss = True
eye_multiplier = 3
mouth_multiplier = 2
```

3, 2 என்பவை அதில் முன்னிருப்பாகவே வரும் மதிப்புகள். முதல் வரி `False` ஆக இருந்தால் மற்ற இரண்டும் வேலை செய்யாது. எண்ணை ஏற்றி ஏற்றிப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

டீப்ஃபேஸ்லேபின் SAEHD மாடலில் எண் கேட்காது, `Eyes and mouth priority` என்ற கேள்விக்கு y அல்லது n மட்டும். உள்ளே அது செய்வது கண், வாய்ப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு L1 லாஸைக் கணக்கிட்டு, அதை 300-ஆல் பெருக்கி மொத்தத்தோடு கூட்டுவது. 300 என்றதும் பயப்பட வேண்டாம். அந்தச் சராசரி முழுப் படத்தின் பரப்பால் வகுக்கப்படுவதால் பெருமளவு குறைந்துதான் வரும். இருந்தாலும் இது பலமான தள்ளுதல், அளவைக் குறைக்கும் குமிழ் கிடையாது. ஆகவே அங்கே கட்டுப்பாடு என்பது எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பதில்தான் இருக்கிறது.

## படி 4: கண் முதலில், பல் பிறகு

இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுவதுதான் எங்கும் காணும் பழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணும் பல்லும் வேறு வேறு பிரச்சினைகள்.

பார்வைத் திசை என்பது என்கோடர் சுருக்கி அனுப்பும் தகவலில் இடம் பிடிக்க வேண்டிய ஒன்று. அந்த இடம் ட்ரெய்னிங்கின் தொடக்கத்திலேயே தலைத் திருப்பம், வெளிச்சம், முகபாவம் ஆகியவற்றால் நிரம்பிவிடுகிறது. கடைசியில் வெயிட்டை ஏற்றினால், பார்வையைப் பற்றித் தகவலே வராத டிகோடர் சராசரிக் கண்ணைக் கூர்மையாக வரையப் பார்க்கும். ஆகவே நெளிப்பு இயங்கும் முதல் கட்டத்திலிருந்தே கண்ணுக்கு 3 கொடுங்கள், வாய்க்கு 1.

பல் அப்படியல்ல. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற தகவல் எளிதாகவே கடந்து போகும், பல் வரிசை ஆளுக்கு ஆள் நிலையானது. அது டிகோடர் நினைவில் வைக்க வேண்டிய நுண்விவரம், முகம் நிலைபெற்ற பிறகு கற்றால் போதும். ஆரம்பத்தில் வாய்க்கு வெயிட்டை ஏற்றினால், வாயின் இடமே இன்னும் தடுமாறும் நேரத்தில் மாடல் வெள்ளைப் பட்டையை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும்.

ப்ரிவியூவில் கண் திசை மாறுவது தெரியத் தொடங்கி, முகத்தின் வடிவம் அமைந்த பிறகு நெளிப்பை நிறுத்துங்கள். அப்போது கண்ணை 5-க்கும் வாயை 4-க்கும் ஏற்றுங்கள். கண்ணில் தேவையான கூர்மை வந்ததும் கண்ணை 3-க்கு இறக்கிவிட்டு, வாயை மட்டும் அப்படியே வைத்து முடியுங்கள். GAN லாஸ் சேர்ப்பதாக இருந்தால் இதற்கெல்லாம் பிறகுதான். பார்வை தவறாக இருக்கும்போது GAN சேர்த்தால், தவறான திசையில் பார்க்கும் கண்ணுக்கு ஈரப் பளபளப்பும் வந்துவிடும், பிறகு அதை நகர்த்துவது கடினம்.

## வெயிட்டால் முடியாதவை

நடிகரின் படங்கள் எல்லாம் பேட்டிகளிலிருந்து வந்தவை என்று வைப்போம். பேட்டியில் அவர் கேமராவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சண்டைக் காட்சியில் டூப் தரையைப் பார்க்கிறார், எதிராளியைப் பக்கவாட்டில் பார்க்கிறார். அந்தத் திசையில் நடிகரின் கண் எப்படி இருக்கும் என்பது டிகோடருக்குத் தெரியாது. வெயிட்டை 10 ஆக்கினாலும், தெரிந்த திசைகளில் அருகிலிருக்கும் ஒன்றைத்தான் அது வரையும். வீடியோவில் கண் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று சட்டென்று தாவுவது இதற்கு அடையாளம்.

இதற்கு மருந்து ஐந்து நிமிடப் பதிவு. நடிகரை உட்கார வைத்து, தலை அசையாமல் ஒரு விரல் நுனியைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள்: இடம், வலம், மேல், கீழ், நான்கு மூலைகள். பிறகு தலையைச் சற்றுத் திருப்பி அதையே மறுபடியும். முடிவில் பல் தெரியச் சிரிப்பு, கீழ்ப் பல் தெரியும் கத்தல், எண்களை ஒன்றிலிருந்து இருபது வரை உரக்கச் சொல்வது. காட்சியின் வெளிச்சத்துக்கு நெருக்கமாக எடுத்தால் இன்னும் நல்லது.

பல்லுக்கு உள்ள எல்லை வேறு. மேல் முன்பல்லின் அகலம் ஏறக்குறைய 8.5 மி.மீ., நம் 256 படத்தில் 11 பிக்சல். பல் தனித்தனியாகத் தெரிய அது போதும். இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள கோடு மட்டும் ஒரு பிக்சலுக்குள் அடங்கும், அதனால் மெல்லிய நிழலாகத்தான் வரும். 128 மாடலில் அதே பல் ஐந்தாறு பிக்சல், நடுக்கோட்டுக்கு இடமே இல்லை. அங்கே வாய் வெயிட்டை ஏற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை, மாடல் அளவைத்தான் ஏற்ற வேண்டும். மூலப் படத்திலேயே பல் மங்கலாக இருந்தால் அதற்கும் இதே பதில். அசைவில் கலங்கிய ஃப்ரேம்களைக் களைந்துவிட்டு, குறைந்த எண்ணிக்கையானாலும் கூரான படங்களை வையுங்கள். L1 கலங்கிய படத்தையும் கூரான படத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடைப்பட்ட மங்கலையே தேர்ந்தெடுக்கும்.

## படி 5: சரியாகப் போகிறதா என்று அறிவது

வெயிட்டை மாற்றிய கணமே மொத்த லாஸ் எண்ணும் மாறும். பழைய 0.02-ஐயும் புதிய 0.03-ஐயும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. வெயிட் போடாத L1-ஐக் கண், வாய், மீதி முகம் என மூன்றாகப் பிரித்து, ட்ரெய்னிங்கில் சேர்க்காத சில படங்கள் மேல் பதிவு செய்துகொள்ளுங்கள். கண் கோடு இறங்கி, மீதி முகத்தின் கோடு அசையாமல் இருந்தால் வெயிட் சரி. மீதி முகத்தின் கோடு மெல்ல ஏறத் தொடங்கினால் வெயிட் அதிகம். படத்திலும் அது தெரியும்: கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம், கண்ணைச் சுற்றி மட்டும் தோல் துளைகள் வரை தெளிவு, ஒரு விரல் தள்ளி மெழுகுத் தோல். அப்போது 2 குறைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டாலே பெரும்பாலும் சமநிலை திரும்பிவிடும்.

இந்த எண்கள் எல்லாம் மறுஆக்கத்தைத்தான் அளக்கின்றன, மாற்றிய முகத்தை அல்ல. மாற்றிய முகத்துக்குச் சரியான விடைப் படம் என்று ஒன்று கிடையாது. ஆகவே டூப்பின் ஃப்ரேமையும் மாற்றிய ஃப்ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து கருவிழி மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணின் அகலத்துக்கு விகிதமாக அளந்து பாருங்கள். நேர்ப் பார்வை, இடது, வலது, கீழ் என நான்கு ஃப்ரேம் போதும். நான்கிலும் ஒரே பக்கமாகத் தவறு இருந்தால் அது இருவரின் கண் அமைப்பு வேறுபாடாகவோ புள்ளிகள் வைத்த விதமாகவோ இருக்கும். ஓரப் பார்வையில் மட்டும் தவறு என்றால் படங்கள் போதவில்லை. நான்கிலும் கருவிழி நடுவை நோக்கி இழுக்கப்பட்டிருந்தால்தான் வெயிட் போதவில்லை என்று அர்த்தம்.

பல்லை நிலைப்படத்தில் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் அழகாக இருந்தும், ஓடும்போது பல் எண்ணிக்கையே மாறுவது போல மினுக்கும். ஷாட்டை அதன் உண்மையான வேகத்தில் ஓட்டி வாயை மட்டும் பாருங்கள். மினுக்கல் இருந்தால் வாய் வெயிட்டை ஏற்றாமல், அந்த ஃப்ரேம்களில் வாயின் உள்கோட்டுப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் குதிக்கின்றனவா என்று பாருங்கள். டூப்பின் முகத்தை வெட்டி எடுத்ததிலேயே ஆட்டம் இருந்தால், அதைச் சீராக்கி மறுபடி வெட்டிய பிறகுதான் மாடலைக் குறை சொல்ல முடியும்.